அட்டைப் பெட்டி ஏடிஎம்

கம்பெனி கேண்டீனில் கூட்டம் என்றால் எனக்கு அப்போதெல்லாம் எரிச்சல்தான் வரும். பாதுகாப்பு வாரம் என்பார்கள், தர உறுதிமொழி என்பார்கள், கடைசியில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் ஆறிப்போன டீயும் கொடுத்து அனுப்புவார்கள். கம்பெனி பஸ்ஸை மட்டும் அரை மணி நேரம் நிறுத்தி வைக்கமாட்டார்கள். அன்று பாங்க்கிலிருந்து ஒரு மேடம் வந்து பேசப்போகிறார் என்றதும் பேக்கிங் செக்‌ஷனில் எல்லோரும் முணுமுணுத்தோம். எனக்கு முணுமுணுப்போடு நிற்கவில்லை. அந்த பாங்க்கின் பெயரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

காரணம் என் தம்பி.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அந்த வருஷம்தான் சம்பளத்தைக் கவரில் போட்டுக் கொடுப்பதை நிறுத்தி, பாங்க் கணக்கில் போட ஆரம்பித்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு ஏடிஎம் கார்டு. எங்கள் வீட்டில் இரண்டு கார்டு. ஒன்று எனக்கு, ஒன்று என் வீட்டுக்காரருக்கு. அவர் பிரஸ் ஷாப்பில் லைன் லீடர். என் தம்பி அதே கம்பெனியில் கான்ட்ராக்டில் லோடிங் வேலை பார்த்தான். கவரைப்பேட்டையில் நாங்கள் எடுத்திருந்த வாடகை வீட்டிலேயே எங்களோடு இருந்தான். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவனுக்கு நான்தான் எல்லாம்.

கார்டு வந்த புதிதில் எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டாகிவிட்டது. யாருக்கு ஷிப்ட் இல்லையோ அவன் கையில் கார்டைக் கொடுத்து, நம்பரையும் சொல்லி அனுப்பிவிடுவது. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு ஸ்டேஷன் ரோட்டு ஏடிஎம் வாசலில் இன்னொரு மணி நேரம் யார் நிற்பது? எங்கள் வீட்டில் அந்த வேலை தம்பியுடையது. அவன் ஐடிஐ படித்தவன், மெஷினைப் பார்த்துப் பயப்படமாட்டான். என் வீட்டுக்காரர் மெஷின் பக்கமே போகமாட்டார். "நமக்கு இன்னா அவசரம், மச்சான் எடுத்துக்கினு வருவான்" என்பார் பெரிய மனுஷன் மாதிரி.

ஆடி மாசத்தில் ஒரு சனிக்கிழமை தம்பிக்கு வேலை இருந்தது. அவர் தானே போனார். வெறுங்கையோடு திரும்பி வந்து, "மெஷின்ல பணம் இல்லியாம்" என்றார். மறுநாள் தம்பியிடம் கார்டைக் கொடுத்து அனுப்பினார். தம்பியும் வெறுங்கையோடு வந்தான்.

"மாமா, நம்பர் தப்புன்னு வருது. ரெண்டு தபா போட்டுப் பாத்தேன். மூணாவது தபா போட்டா கார்டு லாக் ஆயிடும்னு வந்துட்டேன்."

"இத்தினி மாசம் கரெக்டா இருந்த நம்பர் இன்னிக்கு மட்டும் எப்டிடா தப்பாகும்?"

திங்கட்கிழமை என் வீட்டுக்காரர் பாங்க்குக்குப் போய் பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்த்தார். சீட்டு எடுத்து, மனை வாங்க அட்வான்ஸ் கொடுப்பதற்காகக் கணக்கில் போட்டு வைத்திருந்த பணம் முழுக்கக் காலி. சனிக்கிழமை ஒரு முறை எடுத்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை எடுத்திருக்கிறது, திங்கள் காலையில் மிச்சமும் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கார்டைக் கொண்டுபோனது யார்? தம்பி. நம்பர் தெரிந்தது யாருக்கு? தம்பிக்கு. கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லியிருக்கிறார்: "சரியான கார்டு, சரியான பின் நம்பர் போட்டுத்தான் எடுத்திருக்காங்க. மெஷின் தப்பு பண்ணாது. வீட்டு ஆளுங்களை விசாரிங்க." கார்டை பிளாக் செய்யச் சொல்லி எழுதி வாங்கிக்கொண்டார். கார்டை மட்டும் கேட்கவில்லை. எங்கே, காட்டுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் குடும்பம் பிழைத்திருக்கும்.

என் வீட்டுக்காரர் நேராகக் கம்பெனிக்குப் போனார். மதியச் சாப்பாட்டு நேரம். கேண்டீனில் இரண்டு ஷெட் ஆட்களும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் தம்பியை எழுப்பிக் கன்னத்தில் அறைந்தார். "சோறு போட்ட ஊட்லயே கை வெச்சிட்டியேடா, திருட்டு நாயே" என்றார். அவன் வாயில் இருந்த சோற்றை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றான். நான் ஓடிப் போய் நடுவில் விழுந்தேன். என்னையும் தள்ளினார்.

"அக்கா, நீயாச்சும் நம்புறியா?" என்று மட்டும் கேட்டான்.

"நம்புறேன்டா" என்றேன். அது போதவில்லை. அன்று சாயங்காலமே துணிப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கான்ட்ராக்டர் அவன் பெயரை எடுத்துவிட்டார். திருடன் என்று பெயர் வாங்கியவனுக்கு சிப்காட்டில் எந்த கேட்டும் திறக்கவில்லை. ஆந்திரா பக்கம் சூலூர்பேட்டையில் ஒரு அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறான் என்று பிறகு யாரோ சொன்னார்கள். தீபாவளிக்கு வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. ஒருமுறை நான் மில்லுக்கு போன் செய்தபோது, "வேலையா இருக்கேன்க்கா" என்று வைத்துவிட்டான். நான் வீட்டில் சோறு ஆக்கினேன், அவருக்குப் போட்டேன், அவரோடு ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போனேன். பேசுவது மட்டும் தேவைக்கு.

இப்படி இருந்தபோதுதான் அந்த பாங்க் மேடம் வந்தார். முப்பது வயது இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு. கையில் பெரிய பை, அதோடு ஒரு பிஸ்கட் அட்டைப் பெட்டி. பெட்டியின் முகப்பில் வெள்ளைக் காகிதம் ஒட்டி, திரையும் நம்பர் பட்டன்களும் வரைந்து, கார்டு போட ஒரு கீறல் வெட்டியிருந்தார். குழந்தைகள் விளையாட்டு மாதிரி இருந்தது. பின்னால் இருந்த பையன்கள் விசில் அடித்தார்கள்.

அந்த அம்மா அசரவில்லை. "யாரெல்லாம் கார்டு உறைமேலயே பின் நம்பரை எழுதி வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். யாரும் கை தூக்கவில்லை. "சரி, கையைத் தூக்க வேணாம். வீட்டுக்குப் போய் அழிச்சிருங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். என் உறையிலும் எழுதித்தான் இருந்தது. லாட்டரி விழுந்திருக்கிறது, வரி கட்டினால் பரிசு அனுப்புவோம் என்று செல்போனில் மெசேஜ் வந்தால் நம்பாதீர்கள் என்றார். பாங்க்கிலிருந்து பேசுகிறோம் என்று யார் போன் செய்து கார்டு நம்பர் கேட்டாலும் சொல்லாதீர்கள், பாங்க்கில் யாருமே பின் நம்பரைக் கேட்கமாட்டோம், நானே கேட்டாலும் சொல்லாதீர்கள், சொந்தக்காரர்களிடம்கூடச் சொல்லாதீர்கள் என்றார். கார்டு தொலைந்தால் அழுதுகொண்டு உட்காராமல் முதலில் போன் போட்டு பிளாக் பண்ணுங்கள், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று மெஷினில் வரம்பு இருக்கிறது, அதனால் திருடன் நாளுக்கு ஒரு தவணையாக எடுப்பான், நீங்கள் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு பணம் மிஞ்சும் என்றார். நாளுக்கு ஒரு தவணை என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இப்ப யாராவது ஒருத்தர் வாங்க. பணம் எடுத்துக் காட்டணும்."

பிரஸ் ஷாப் ஆட்கள் என் வீட்டுக்காரரைப் பிடித்துத் தள்ளினார்கள். "எங்க லீடரு வருவாரு மேடம்!" அவரும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனார்.

மேடம் அவர் கையில் ஒரு பழைய கார்டைக் கொடுத்தார். பெட்டிக் கீறலில் போடச் சொன்னார். போகவில்லை. திருப்பிப் போட்டார். அப்போதும் போகவில்லை. கீறலை வேண்டுமென்றே சின்னதாக வெட்டியிருக்கிறார். பையன்கள் கத்தினார்கள். அவருக்கு வேர்த்தது.

மேடம் பின்னாலிருந்து வந்து ரொம்ப மரியாதையாகப் பேசினார். "குடுங்க சார், புது மாடல் மெஷின், இப்படித்தான் மக்கர் பண்ணும். நான் போட்டுத் தர்றேன்." கார்டை வாங்கி, சேலையில் ஒரு துடைப்புத் துடைத்து, கீறலில் அழுத்தி நுழைத்தார். "நம்பர் அடிங்க சார்." அவர் அடித்தார். "அடடா, பணம் இல்லையே சார். வேற மெஷின்ல பாருங்க." கார்டை உருவி அவரிடம் நீட்டினார். அவர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சார், இப்ப உங்க பையில இருக்கிறது யாரு கார்டு?"

"இன்னா மேடம், நீங்க குடுத்ததுதான்."

மேடம் தன் சேலை மடிப்பிலிருந்து இன்னொரு கார்டை எடுத்துத் தூக்கிக் காட்டினார். "இதுதான் நான் முதல்ல குடுத்தது. உங்க பையில இருக்கிறது வேற யாரோடதோ. எல்லாம் ஒரே நிறம், ஒரே டிசைன். பேரைப் படிச்சாத்தான் தெரியும். நீங்க நம்பர் அடிக்கும்போது பக்கத்துல நின்னு அதையும் பார்த்துட்டேன். இனி எனக்கு என்ன குறைச்சல்?"

கேண்டீனே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு வருஷம் கூடக் குடும்பம் நடத்திய முகம். ரத்தம் சுண்டி வெளுத்துப் போயிருந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை, அந்த அட்டைப் பெட்டியையே பார்த்தார். எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில், கேஸ் சிலிண்டர் புத்தகத்துக்குக் கீழே அந்தக் கார்டு கிடந்தது. பத்தாவது வரை படித்தவள் நான், இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிப்பேன். கூட்டிப் படித்தேன். அது அவர் பெயர் இல்லை. எங்கள் தெருவில், எங்கள் சொந்தத்தில் யாருக்கும் அந்தப் பெயர் இல்லை.

கார்டை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். "உனக்கு அங்க யார்யா ஒத்தாச பண்ணது?"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "டிப்டாப்பா ஒர்த்தன் நின்னுக்கினு இருந்தான். எனக்குக் கார்டு உள்ள போவல. பின்னாடி ஆளுங்க வேற சிரிச்சானுங்க. அவன் போட்டுக் குடுத்தான்."

"இத அன்னிக்கே இன்னாத்துக்கு சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? நாப்பது பேருக்கு மெஷின் ஓட்டக் கத்துக் குடுக்கிறவன், எனக்கு ஏடிஎம் தெரியாதுன்னா?"

அவ்வளவுதான் காரணம். ஒரு பெட்டியில் ஒரு கார்டு நுழையவில்லை என்று சொல்ல வெட்கம். அந்த வெட்கத்துக்கு என் தம்பியைத் தின்னக் கொடுத்திருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் கிடைத்த சொம்பைச் சுவரில் எறிந்தேன். அதன் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்தேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு பாங்க்குக்குப் போனேன். மேடம் கார்டைக் கம்ப்யூட்டரில் பார்த்தார். வேறு ஊர்க் கிளையில் கணக்கு வைத்திருக்கும் ஒருவருடையது, அவரும் எங்களுக்கு முன்பே ஏமாந்து, பிற்பாடுதான் புகார் கொடுத்திருக்கிறார் என்றார். அவரிடம் பறித்ததை அந்தத் திருடன் எங்களிடம் தள்ளியிருக்கிறான். எங்களிடம் பறித்ததை வேறு எவர் தலையில் கட்டினானோ.

"கேமரா பதிவு இவ்வளவு நாள் இருக்காதும்மா, அழிஞ்சிருக்கும். போலீஸ்ல புகார் குடுங்க, நானும் எழுதித் தர்றேன். ஆனா பின் நம்பர் சரியா அடிச்சு எடுத்ததால பணம் திரும்பக் கிடைக்கிறது கஷ்டம். பொய் சொல்ல மாட்டேன்."

"பணம் நாசமாப் போவட்டும் மேடம். என் தம்பி எடுக்கலன்னு ஒரு பேப்பர்ல எழுதி, சீல் வெச்சுக் குடுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "யார் எடுத்தாங்கன்னு எங்களுக்கே தெரியாதும்மா. யார் எடுக்கலைன்னு நான் எப்படி எழுத முடியும்?"

"அன்னிக்கு மட்டும் ஊட்டு ஆளுங்கள விசாரின்னு சொல்லத் தெரிஞ்சுதா?" என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். மேடம் எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். "அன்னைக்கு எங்க ஆளு உங்க கார்டை வாங்கிப் பார்த்திருக்கணும். எங்க மேல தப்புதான்" என்றார். பாங்க்கில் ஒருத்தர் அப்படிச் சொல்லி அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அடுத்தவர் கார்டை எங்களிடம் விட்டுவைக்கக் கூடாது என்பது விதியாம். என் தம்பி கண்ணால் பார்க்காமல் தரமாட்டேன் என்று நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் கார்டின் நம்பரையும் விவரத்தையும் எழுதிக்கொண்டு, பின்பக்கத்துக் கறுப்புப் பட்டையைக் கத்தரியால் குறுக்கே வெட்டி, பெயர் இருந்த துண்டை மட்டும் என்னிடம் கொடுத்தார். காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சூலூர்பேட்டைக்கு ரயில் ஏறினேன். மில் வாசலில் தம்பி வந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. புருவம் முழுக்கத் தவிட்டுத் தூசி. தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கார்டுத் துண்டை அவன் கையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அன்னிக்கு நான்கூட பேரப் படிக்கல பாத்தியாக்கா" என்றான். பிறகு, "மாமா இன்னா சொன்னாரு?" என்று கேட்டான்.

"ஊட்டுக்குக் கூட்டிக்கினு வான்னாரு." அது பொய். அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"கேண்டீன்ல அத்தினி பேர் முன்னாடி திருடன்னாரு. எனக்கு ஊட்ல வந்து சொல்ல வாணாம்க்கா. அங்கியே சொல்லட்டும். அப்பால பாக்கலாம்."

உள்ளே போய்விட்டான். நான் அந்த வாசலிலேயே வெயிலில் நின்றேன். கடைசி மூட்டை ஏறும் வரை அவன் திரும்பி வரவில்லை.

வீட்டில் வந்து சொன்னேன். "முடியாது" என்றார் அவர். "அவன் கால்ல வேணா வுழுறேன். கேண்டீன்ல முடியாது. அப்பால என் லைன்ல எவன் என்னை மதிப்பான்?" நான் கெஞ்சினேன், திட்டினேன், இரண்டு நாள் பட்டினி கிடந்தேன். அவரும் சாப்பிடவில்லை. ஆனால் அசையவில்லை. எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. அம்மா சாகும்போது என் கையில் பிடித்துக் கொடுத்த பிள்ளை. ஊர் பேர் தெரியாத ஒருவன் செய்த வேலைக்கு அவனை இழக்கப்போகிறேன் என்றே முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த வாரம் மேடம் மற்ற ஷிப்டுக்குப் பேச வந்தார். சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் வைத்ததால் எங்கள் ஆட்களும் இருந்தார்கள். நான் போய் அவரிடம் விஷயத்தைச் சொல்லி, நீங்கள் கேளுங்கள் மேடம் என்று கையைப் பிடித்தேன். "நான் கட்டாயப்படுத்தக் கூடாதும்மா" என்றார். அதே பெட்டியை மேஜையில் வைத்தார். "யாராவது ஒருத்தர் வாங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் யாரும் தள்ளாமல் எழுந்தார்.

"மேடம், நீங்க போன தபா நடிச்சுக் காட்னது எனக்கு நெஜமாவே நடந்துச்சு" என்றார். குரல் கம்மிப்போய் முன்வரிசைக்கே சரியாகக் கேட்கவில்லை. யாரோ, சத்தமாகச் சொல்லுங்கள் என்றார்கள். "எனக்கு அந்த மெஷின்ல கார்டு போடத் தெரியாது. எவனோ போட்டுக் குடுத்தான். மாத்திட்டான். வெக்கத்துல சொல்லல. இங்கதான் என் மச்சானைத் திருடன்னு அடிச்சேன். அவன் எடுக்கல. நான்தான்..." அதற்கு மேல் வரவில்லை. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. மேடம் தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

நான் கேட்டுக்கு வெளியே ஓடினேன். பெட்டிக்கடை காயின் போனில் மில்லுக்கு அடித்தேன். தம்பி வரும் வரை ஒவ்வொரு ரூபாயாகப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

"சொல்ட்டாருடா. எல்லார் முன்னாடியும் சொல்ட்டாரு."

நான் அழ ஆரம்பித்தேன். "வந்துடுடா" என்றேன்.

"வரேன்க்கா" என்றான். "இந்த வாரக் கூலிய வாங்கிக்கினு வரேன். ஆனா ஒண்ணு. மாமாவோ நீயோ, இனிமே உங்க கார்டு நம்பர எங்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அந்த மேடமும் அதையேதான் முதல் கூட்டத்தில் சொன்னார், சொந்தக்காரர்களிடம்கூட நம்பரைச் சொல்லாதீர்கள் என்று. அவர் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினோம். என் தம்பி சொன்னபோது எனக்குத் தலையாட்ட முடியவில்லை. போனில் காசு தீர்ந்துவிட்டது.